நடுவர் கடிதத்தில் என்ன இருக்கும்? ஒரு ஃப்ளோரைடு ஆய்வை வைத்துப் பார்ப்போம்

ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினால், ஆசிரியர் முதலில் மேலோட்டமாகப் படித்துப் பார்ப்பார். தேறும் என்று தோன்றினால், அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார். அவர்கள்தான் நடுவர்கள். ஆசிரியருக்கு அவர்கள் எழுதித் தருவது நடுவர் கடிதம். பெரும்பாலான இதழ்களில் எழுதியவர் யார் என்பது கட்டுரையாளருக்குத் தெரியாது.

முதல் கட்டுரையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் மாணவர்கள் பலர் இதைத் தேர்வுத்தாள் திருத்துவதாக நினைக்கிறார்கள். எழுத்துப் பிழை, விடுபட்ட மேற்கோள், அட்டவணையில் தப்பு, அதற்கெல்லாம் மதிப்பெண் குறைப்பு என்று ஒரு கணக்கு. நல்ல நடுவர் அப்படிப் படிப்பதில்லை. செய்த வேலையிலிருந்து, சொன்ன முடிவு வருகிறதா என்பதுதான் அவர் கையில் இருக்கும் கேள்வி. இதைச் சும்மா சொன்னால் பிடிபடாது. தர்மபுரி மாவட்டத்துக்குப் பொருந்துகிற ஓர் ஆய்வை எடுத்துக்கொள்வோம். ஆய்வும் அதன் எண்களும் விளக்குவதற்காக நான் கட்டியவை. ஃப்ளோரைடும் ஒகேனக்கல் திட்டமும் நிஜம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி கடினப் பாறை. அந்தப் பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து போர்வெல் தண்ணீரில் சேர்கிறது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை ஏற்பார்கள். அதைத் தாண்டிய தண்ணீரைச் சிறு வயதிலிருந்தே குடித்து வளர்ந்தால் பல்லில் வெள்ளைத் திட்டு, பழுப்புக் கறை எல்லாம் விழும். பல் ஃப்ளோரோசிஸ் என்பது அதுதான். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இதற்குத் தீர்வாகத்தான் காவிரித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியுடன் போடப்பட்டு, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது.

இனி நம் கற்பனைக் கட்டுரை. 2019-ல் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் பன்னிரண்டு கிராமங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, ஆறில் போர்வெல் மட்டும். ஒவ்வொரு கிராமத்திலும் 14, 15 வயதுப் பிள்ளைகள் ஐம்பது பேர். மொத்தம் 600 பேர். பல் மருத்துவர் ஒருவர் எல்லாருடைய பல்லையும் பார்த்துப் பதிவு செய்கிறார். தண்ணீர் மாதிரியும் எடுத்து அளக்கிறார்கள். ஒகேனக்கல் கிராமங்களில் 30 சதவீதப் பிள்ளைகளுக்கு ஃப்ளோரோசிஸ். போர்வெல் கிராமங்களில் 45 சதவீதம். கட்டுரையின் முடிவு: “ஒகேனக்கல் திட்டம் பல் ஃப்ளோரோசிஸை மூன்றில் ஒரு பங்கு குறைத்திருக்கிறது.”

படித்தவுடன் நம்பத் தோன்றும். எதிர்பார்த்த திசையில்தானே விடை வந்திருக்கிறது! நடுவர் அதிகக் கவனமாக இருக்க வேண்டிய இடமும் அதுவே.

கடிதத்தின் முதல் பத்தியில் குறை எதுவும் இருக்காது. கட்டுரை என்ன சொல்கிறது என்பதை நடுவர் தன் சொற்களில் எழுதுவார். கடிதம் வழக்கமாக ஆங்கிலத்தில்தான் இருக்கும். இங்கே தமிழில் தருகிறேன்.

“இக்கட்டுரை பன்னிரண்டு கிராமங்களில் 14–15 வயதுப் பிள்ளைகளின் பற்களை ஒரே ஒருமுறை பார்த்து, குடிநீர் ஆதாரத்தை வைத்து ஒப்பிடுகிறது. ஒகேனக்கல் நீர் பெறும் கிராமங்களில் ஃப்ளோரோசிஸ் குறைவாக உள்ளது. இந்த வேறுபாடு திட்டத்தால் வந்தது என்று கட்டுரையாளர்கள் முடிவு செய்கிறார்கள்.”

ஆசிரியர் பல துறைக் கட்டுரைகளைக் கையாள்பவர். நடுவர் கட்டுரையைச் சரியாகப் புரிந்துகொண்டுதான் குறை சொல்கிறாரா என்று அவர் பார்ப்பது இந்தப் பத்தியை வைத்துத்தான். கூடவே இன்னொன்றும் நடக்கிறது. “ஒரே ஒருமுறை பார்த்து” என்றும் “திட்டத்தால் வந்தது” என்றும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போதே எது இடறுகிறது என்று எழுதுகிறவருக்கே தெரிந்துவிடும். ‘குறைத்திருக்கிறது’ என்றால் முன்பு அதிகம் இருந்தது, இப்போது குறைவு என்று பொருள். முன்பு எவ்வளவு இருந்தது என்று இந்தக் கட்டுரையில் யாரும் அளக்கவில்லை.

அடுத்து வருவது பெரிய குறைகள். இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, வயது பற்றியது.

ஃப்ளோரைடு பல்லைக் கெடுப்பது எனாமல் உருவாகும் காலத்தில்தான். நிரந்தர முன்பற்களின் எனாமல், பல் முளைப்பதற்கு முன்பே, ஈறுக்குள் இருக்கும்போதே, நான்கைந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். அறிவுப்பல்லை விட்டால் மற்ற நிரந்தரப் பற்களுக்கும் சுமார் எட்டு வயதுக்குள் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் புதிதாக ஃப்ளோரோசிஸ் வராது, வந்ததும் போகாது. 2019-ல் 14, 15 வயது என்றால் 2004, 2005 வாக்கில் பிறந்தவர்கள். 2013-ல் திட்டம் தொடங்கியபோது அவர்களுக்கு எட்டு, ஒன்பது வயது. அதாவது திட்டம் வந்த அன்றே அவர்கள் பல்லின் கதை முடிந்துவிட்டது. முதல் நாளே அவர்கள் வீட்டுக் குழாயில் காவிரி வந்திருந்தாலும் இதே நிலைதான்.

சரி, அப்படியானால் அந்த 30-க்கும் 45-க்கும் நடுவே உள்ள வேறுபாடு எங்கிருந்து வந்தது? திட்டத்துக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அந்த ஆறு கிராமங்களின் பழைய போர்வெல்களில் ஃப்ளோரைடு குறைவாக இருந்திருக்கலாம். கிணற்றுத் தண்ணீர் குடித்திருக்கலாம். எது என்று இந்தத் தரவை வைத்துச் சொல்ல முடியாது. நடுவர் இதை இப்படி எழுதுவார்:

“பரிசோதிக்கப்பட்ட பிள்ளைகளின் நிரந்தரப் பற்கள், திட்டம் தொடங்குவதற்கு முன்பே பெரும்பாலும் எனாமல் உருவாக்கத்தை முடித்திருக்கும். எனவே காணப்படும் வேறுபாட்டைத் திட்டத்தின் விளைவாகக் கொள்ள இயலாது. 2013-க்கு முந்தைய நீர்ப் பரிசோதனைப் பதிவுகள் இக்கிராமங்களுக்குக் கிடைத்தால், அவற்றைப் பற்களின் நிலையோடு ஒப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் ‘நம்பும்படி இல்லை’, ‘பலவீனமான ஆய்வு’ மாதிரி எந்தத் தீர்ப்பும் இல்லை. என்ன குறை, ஏன் குறை, என்ன செய்யலாம் என்ற மூன்றும் இருக்கின்றன. கட்டுரையாளருக்குக் கோபம் வந்தாலும் இதற்குப் பதில் எழுதியாக வேண்டும். வெறும் ‘பலவீனமான ஆய்வு’ என்றால் அவர் எதற்குப் பதில் சொல்வார்?

திட்டத்தின் விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் அது வந்த பிறகு பிறந்த பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். 2019-ல் அவர்களுக்கு ஆறு வயதுதான். மேல் முன்பற்கள் முளைப்பது ஏழு எட்டு வயதில். ஆகவே அந்த வருடத்தில் அந்தக் கேள்விக்குப் பற்களை வைத்துப் பதில் தேட வழியே இல்லை. எத்தனை கிராமம் கூட்டினாலும் சரி, எந்தப் புள்ளியியல் மென்பொருளைப் போட்டாலும் சரி.

இரண்டாவது குறை எண்ணிக்கை பற்றியது. 600 பிள்ளைகள் என்று கட்டுரை பெருமையாகச் சொல்கிறது. ஆனால் ஒரு கிராமத்தின் ஐம்பது பிள்ளைகளும் ஒரே மேல்நிலைத் தொட்டித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள். ஒருவர் பல்லைப் பார்த்தாலே அடுத்தவர் பல் எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அதே கதை: ஒரே பானையிலிருந்து ஐம்பது சோறு எடுத்துப் பார்த்தாலும் ஐம்பது பானையைப் பார்த்த கணக்கு ஆகாது. இந்த ஆய்வில் உண்மையில் ஒப்பிடப்படுவது பன்னிரண்டு கிராமங்கள்.

இதைக் கணக்காகவே காட்டலாம். ஒரே கிராமத்துப் பிள்ளைகள் எந்த அளவுக்கு ஒருவரைப் போல் ஒருவர் இருக்கிறார்கள் என்பதற்கு 0 முதல் 1 வரை ஓர் எண் உண்டு. இங்கே 0.1 என்று வைத்துக்கொள்வோம். கிராமத்துக்கு ஐம்பது பேர் என்றால்:

```
1 + (50 - 1) x 0.1 = 5.9
600 / 5.9 = சுமார் 102
```

தனித்தனி ஊர்களிலிருந்து எடுத்த நூறு பேர் தரும் தகவலைத்தான் இந்த 600 பேர் தருகிறார்கள். 600 பேரும் தனித்தனி என்று கொண்டால் அந்த 15 சதவீதப் புள்ளி வேறுபாடு சுமார் 7-லிருந்து 23-க்குள் இருக்கும் என்று வரும். ரொம்ப உறுதியாகத் தெரியும். ஒரு கிராமத்துப் பிள்ளைகளை ஒரு கொத்தாகக் கணக்கில் எடுத்தால் அதே எல்லை சுமார் −4-லிருந்து 34 வரை விரிகிறது. பூஜ்யம் உள்ளே வந்துவிட்டது. வேறுபாடே இல்லை என்பதையும் இந்தத் தரவு மறுக்கவில்லை என்று பொருள். கள ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் தப்பு இது. கட்டுரையில் ‘கொத்து’ என்ற பேச்சே இல்லாமல், மாதிரி மட்டும் ஊர் ஊராக எடுக்கப்பட்டிருந்தால் உடனே சந்தேகப்படலாம்.

நடுவர் இங்கே கேட்பது எளிது. கிராமத்தைக் கொத்தாகக் கொண்டு மறுபடி பகுப்பாய்வு செய்யுங்கள், ஒவ்வொரு கிராமத்தின் சதவீதத்தையும் தனித்தனியாக அட்டவணையில் காட்டுங்கள். அந்தப் பன்னிரண்டு எண்களைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். ஒரு ஊரில் மட்டும் 80 சதவீதம் இருந்து, அதுவே சராசரியை மேலே இழுத்திருந்தால் அப்போது தெரியும்.

மூன்றாவது தண்ணீர் அளவீடு. “ஃப்ளோரைடு மின்முனையால் அளந்தோம்” என்று ஒற்றை வரியில் கட்டுரை கடந்துபோகிறது. இந்த மின்முனை கரைசலில் தனியாக மிதக்கும் ஃப்ளோரைடு அயனியை மட்டுமே உணரும். தண்ணீரில் அலுமினியமோ இரும்போ இருந்தால் ஃப்ளோரைடில் ஒரு பங்கு அதோடு ஒட்டிக்கொண்டு மின்முனைக்குத் தெரியாமல் போகும். அதனால் ஒவ்வொரு மாதிரியிலும் ஒரு தாங்கல் கரைசலைச் சேர்ப்பார்கள். ஆய்வகத்தில் டிசாப் என்று கூப்பிடுவது அதைத்தான். அது பிஎச்சை ஐந்து, ஐந்தரை வாக்கில் நிறுத்தி, ஒட்டிக்கொண்ட ஃப்ளோரைடையும் விடுவிக்கும். சேர்த்தார்களா, எந்தச் செறிவுள்ள கரைசல்களை வைத்துக் கருவியைச் சரிபார்த்தார்கள், ஒரே மாதிரியை இரண்டு முறை அளந்தால் எவ்வளவு ஒத்துப்போனது என்று நடுவர் கேட்பார். எந்த மாதத்தில் எடுத்த தண்ணீர் என்பதும் வேண்டும். மழைக்குப் பின் எடுத்ததையும் கோடையில் எடுத்ததையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

ஆய்வகத்தில் கேட்காத, ஆனால் நம் பக்கம் அவசியம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு. குடிக்க ஒகேனக்கல் தண்ணீர், சரி. களி கிண்ட, சோறு வடிக்க, டீ போட எந்தத் தண்ணீர்? குழாயில் தினமும் வராத ஊரில் சமையலுக்குப் போர்வெல் தண்ணீரை எடுப்பது சகஜம். ஃப்ளோரைடு கொதித்து ஆவியாகிப் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டச் செறிவு கூடத்தான் செய்யும். ‘ஒகேனக்கல் கிராமம்’ என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் அங்கே வயிற்றுக்குள் போவது முழுக்கக் காவிரித் தண்ணீர் ஆகிவிடாது. ஊரை அறிந்த நடுவர் கிடைத்தால் கட்டுரைக்கு லாபம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

நான்காவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பல்லைப் பார்த்த மருத்துவருக்கு அது எந்த ஊர்ப் பிள்ளை என்று தெரியும். டீன் அட்டவணைப்படி தரம் பிரிக்கும்போது, இயல்பான பல்லுக்கும் மிக லேசான பாதிப்புக்கும் நடுவே ‘சந்தேகத்துக்குரியது’ என்றே ஒரு படி உண்டு. ஊர் தெரிந்த கண் அந்தப் படியில் எந்தப் பக்கமும் சாயலாம். அந்தப் படியைப் பாதிப்பு என்று எண்ணினார்களா இல்லையா என்பதே சதவீதத்தை நிறைய மாற்றிவிடும். பற்களின் படங்களை ஊர்ப் பெயர் இல்லாமல் இன்னொரு மருத்துவரிடம் காட்டி, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று சொல்லுங்கள் என்று நடுவர் கேட்கலாம்.

இப்போது நான்கு குறைகளையும் எடை போட வேண்டும். கடிதம் எழுதுவதில் கடினமான இடம் இதுதான். தாங்கல் கரைசல் விவரம் எழுத்தில் விட்டுப்போனதாக இருக்கலாம். குறிப்பேட்டைப் பார்த்து ஒரு பத்தி சேர்த்தால் போதும். கொத்துக் கணக்கு மறு பகுப்பாய்வில் சரியாகும். விடை பிடிக்காமல் போகலாம், அது வேறு. படங்கள் எடுத்து வைத்திருந்தால் நான்காவதும் ஒருவாறு தீரும். வயதுக் குறையை மட்டும் எந்தத் திருத்தத்தாலும் தீர்க்க முடியாது. அது எழுத்தில் இல்லை, ஆய்வை அமைத்த விதத்திலேயே இருக்கிறது. புது நடுவர்கள் இந்த வேறுபாட்டைக் காட்டாமல் இருபது குறைகளை வரிசை எண் போட்டு, ஒரே குரலில் எழுதிவிடுகிறார்கள். கட்டுரையாளர் அதில் எளிதான பதினெட்டைத் திருத்தி அனுப்பிவிட்டு, மீதி இரண்டைப் பூசி மெழுகிவிடுவார். ஆசிரியருக்கும் எது உயிர்நிலை என்று தெரியாமல் போகும்.

அப்படியானால் கட்டுரையை நிராகரிக்கச் சொல்ல வேண்டுமா? நானாக இருந்தால் சொல்ல மாட்டேன். திட்டத்தின் விளைவு என்ற முடிவு நிற்காது. ஆனால் திட்டத்துக்கு முன் வளர்ந்த கடைசித் தலைமுறைப் பிள்ளைகளின் பல் நிலை, ஊர் வாரியாக, இந்தத் தரவில் இருக்கிறது. பின்னால் பிறந்த பிள்ளைகளை யாராவது ஆராயும்போது ஒப்பிட இதுதான் அடிப்படை ஆகும். எனவே பரிந்துரை ‘பெரிய திருத்தம்’: தலைப்பை மாற்றுங்கள், ‘குறைத்திருக்கிறது’ என்ற முடிவை எடுத்துவிடுங்கள், இதை அடிப்படை அளவீடாக எழுதுங்கள். இதற்குக் கட்டுரையாளர் சம்மதிக்காமல் பழைய முடிவையே பிடித்துக்கொண்டால், அடுத்த சுற்றில் நிராகரிப்பு.

நடுவர் கருத்துக்குப் பின் முடிவு புரண்ட கதைகள் பெரிய இடத்திலும் உண்டு. 1936-ல் ஐன்ஸ்டைனும் நேத்தன் ரோசனும் ஈர்ப்பு அலைகள் கிடையாது என்று வாதிட்டு, ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழுக்குக் கட்டுரை அனுப்பினார்கள். ஆசிரியர் ஜான் டேட் அதை நடுவருக்கு அனுப்பினார். பத்துப் பக்கத்துக்கு எதிர்க் கருத்து வந்தது. அச்சிடும் முன் வேறொருவரிடம் காட்ட உங்களுக்கு அனுமதி தரவில்லையே என்று ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றார். பிறகு தவறு அவருக்கே புரிந்தது. 1937-ல் வேறோர் இதழில் கட்டுரை வந்தபோது, அலைகள் இல்லை என்ற முடிவு அதில் இல்லை. உருளை வடிவ அலைகளுக்கான தீர்வாக அது மாறியிருந்தது. அந்த நடுவர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்பது வெகுகாலம் கழித்துத்தான் வெளியே தெரிந்தது.

கடிதத்தின் கடைசிப் பகுதி சிறிய குறைகள். படம் 2-ல் அச்சுப் பெயர் இல்லை, அட்டவணை 3-ன் கூட்டல் 598 வருகிறது, இன்ன பத்தியில் ‘சராசரி’ எது என்று தெளிவில்லை. இவை ஒவ்வொன்றும் ஒரு வரிதான், பக்க எண்ணோடு. அந்த 598-ஐ மட்டும் சிறியது என்று தள்ள மாட்டேன். இரண்டு பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்டால் சில நேரம் பெரிய குறையே வெளியே வரும்.

பெரும்பாலான இதழ்களில் ஆசிரியருக்கு மட்டும் எழுத இன்னொரு பெட்டி தனியாக இருக்கும். நடுவருக்கும் கட்டுரையாளருக்கும் ஏற்கெனவே பழக்கம் இருந்தால், நடுவரும் அதே கிராமங்களில் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தால், அல்லது கொத்துக் கணக்கைப் பார்க்கப் புள்ளியியல் தெரிந்த இன்னொருவர் தேவை என்று தோன்றினால் அங்கே எழுத வேண்டும். கட்டுரையாளருக்கான பகுதியில் இனிமையாகப் பேசிவிட்டு, இந்தப் பெட்டியில் ‘குப்பை, நிராகரியுங்கள்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ஆசிரியருக்கு உதவாது. நிராகரிப்புக்கான காரணத்தைக் கட்டுரையாளருக்குக் காட்ட அவர் கையில் எதுவும் இருக்காதே. என் கட்டுரைகளை மேற்கோள் காட்டுங்கள் என்று பட்டியல் கொடுப்பதும் இதே ரகம். கட்டுரைக்குத் தேவையானால் ஒன்றைச் சொல்லலாம். ஐந்து சொன்னால் ஆசிரியர் கண்டுகொள்வார்.

நடுவர் தருவது பரிந்துரைதான், முடிவு ஆசிரியருடையது. நம் கட்டுரைக்கு ஒருவர் ‘சிறிய திருத்தம்’ என்றும் இன்னொருவர் ‘பெரிய திருத்தம்’ என்றும் எழுதியிருந்தால், ஆசிரியர் வாக்கு எண்ண மாட்டார். எந்தக் கடிதத்தின் காரணம் நிற்கிறது என்று பார்ப்பார். பிள்ளைகள் பிறந்த ஆண்டையும் திட்டம் தொடங்கிய ஆண்டையும் பக்கத்தில் வைத்த கடிதத்துக்கு முன்னால், ‘நன்றாக எழுதப்பட்ட, பயனுள்ள கட்டுரை’ என்ற ஒரு வரிக் கடிதம் நிற்காது. அதன்பின் கட்டுரையாளர் ஒவ்வொரு குறைக்கும் கீழே தன் பதிலையும், பிரதியில் எந்தப் பக்கத்தில் மாற்றினார் என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும். ஒப்புக்கொள்ளாத இடத்தில் காரணத்தோடு மறுக்கலாம். நடுவரும் தப்பாகச் சொல்லியிருக்கக்கூடும். இரண்டாவது சுற்றில் நடுவர், முதல் கடிதத்தில் கேட்டவற்றுக்குப் பதில் வந்ததா என்றுதான் பார்க்க வேண்டும். முதலில் கண்ணில் படாத புதுக் குறைகளைத் தேடி எடுத்து அடுத்த பட்டியல் போடத் தொடங்கினால், ஆசிரியர் பெரும்பாலும் அந்தச் சுற்றோடு அவரை விட்டுவிட்டுத் தானே முடிவெடுத்துவிடுவார்.